ஸ்கூல் சர்க்குலரைத் தமிழில் படிக்க

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வரும் ஆங்கிலச் சர்க்குலர் படத்தைக் கூகுள் லென்ஸில் திறந்து Translate-ஐத் தட்டினால், தமிழ் எழுத்துகள் படத்தின் மேலேயே வந்து உட்காரும். பார்க்க வசதிதான். ஆனால் தமிழ் வரி நீளமாவதால் எழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கும். சில சமயம் பாதி வாக்கியம் ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலுமாகத் தனித்தனியாக மொழிபெயர்ந்து, பொருளே குழம்பிவிடும்.

அதனால் லென்ஸில் ஆங்கில எழுத்தை மட்டும் காப்பி செய்து, கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஒட்டுங்கள். வாக்கியத்தின் நடுவே வரி உடைந்திருந்தால் அழித்துச் சேர்த்துவிடுங்கள். “பத்தாம் தேதிக்குள் கட்டினால் அபராதம் இல்லை” என்பது அப்போதுதான் ஒரே வாக்கியமாக வரும். இரண்டாக உடைந்தால் ‘இல்லை’ எதற்கு என்றே தெரியாது.

தேதி, தொகை, நேரம் இவற்றை மட்டும் மூலப் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் மங்கலாக இருந்தால் லென்ஸ் 3-ஐ 8 என்று வாசித்துவிடலாம். கையால் எழுதிச் சேர்த்த குறிப்பும் சில சமயம் விட்டுப்போகும்; அதை டீச்சரிடமே கேட்டுவிடுவது நல்லது. அப்புறம், மொழிபெயர்த்ததை அம்மாவுக்கு அனுப்புவதாக இருந்தால், தமிழோடு மூலப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.