லேசான மயக்கம்தானே என்று செய்கிற தவறுகள்

போன மாதம் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார். தோள்பட்டையில் எலுமிச்சம்பழ அளவு கொழுப்புக்கட்டி, காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். நான்தான் மயக்க டாக்டர். சிஸ்டர் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு "ஒண்ணுமே சாப்பிடலம்மா, பச்சத் தண்ணி கூட குடிக்கல" என்றார். எனக்கு அனுபவம் இருக்கிறது, அதனால் போய் "காபி?" என்று தனியாகக் கேட்டேன். "அது குடிச்சேன் சார், ஆறு மணிக்கு, ஒரு டம்ளர்தான்."

வீட்டுக்கு வந்தவரிடம் "காபி சாப்பிடறீங்களா" என்று கேட்கிற நாம், ஆஸ்பத்திரியில் மட்டும் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும், அதனால் பால் காபிக்கும் இட்லிக்கும் ஒரே கணக்கு: ஆறு மணி நேரம். பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. வெறும் தண்ணீரோ பால் சேர்க்காத கடுங்காபியோ இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பொதுவாகப் பரவாயில்லை, உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. அண்ணாச்சியின் ஆபரேஷன் பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப்போனது. அவருக்கு என் மேல் கோபம். "முழு மயக்கம் இல்ல, லேசாத்தான் குடுப்போம்னு சொன்னீங்களே சார், அதுக்குமா பட்டினி?"

நியாயமான கேள்விதான், பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முழு மயக்கத்தில், அதாவது ஜெனரல் அனஸ்தீசியாவில், பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைக்கிறோம், அதைச் சுற்றி இருக்கும் சின்ன பலூன் மேலே வருகிற எதையும் நுரையீரலுக்குள் இறங்கவிடாமல் தடுக்கும். செடேஷன் என்கிற அரை மயக்கத்தில் டியூப் கிடையாது. மருந்து கொஞ்சம் ஆழமாகிவிட்டால், புரையேறினால் இருமித் தள்ளுகிற அந்த அனிச்சையும் மந்தமாகிவிடும். வயிற்றில் இருக்கும் காபியும் அமிலமும் மேலே வந்தால் தடுக்க எதுவும் இல்லை. லேசான மயக்கம் என்பதற்காக வயிற்றைக் காலியாக வைப்பதில் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். மறந்துபோய்க் குடித்துவிட்டீர்களா, சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அவ்வளவுதான்.

அடுத்த தவறு, எனக்குத் தெரிந்து அதிகம் பேர் செய்வது: செடேஷன் என்றால் ஒன்றுமே தெரியாது என்று நம்பி உள்ளே வருவது. அரை மயக்கத்தில் நீங்கள் தூங்கி வழிவீர்கள், கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், "கையை நீட்டுங்க" என்றால் நீட்டுவீர்கள், மூச்சை நீங்களே விடுவீர்கள். தியேட்டரில் பேசுவது காதில் விழலாம். முழு மயக்கத்தில் கிள்ளினாலும் எழுப்ப முடியாது, மூச்சுக்குப் பெரும்பாலும் எங்கள் உதவி தேவைப்படும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆபரேஷன் நடுவில் நினைவு வந்ததாகச் சொன்னவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். முழு மயக்கத்தில் அப்படி நடந்ததாகப் புகார் வந்தது சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு. ஆனால் புகார் சொன்னவர்களில் கணிசமானோர் வாங்கியது முழு மயக்கமே இல்லை, செடேஷன். அவர்களிடம் யாரும் அதைச் சரியாக விளக்கியிருக்கவில்லை. "நடுவுலயே முழிச்சுட்டேன்" என்று பயந்துபோயிருக்கிறார்கள், பாவம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், வலியை நிறுத்துவது செடேஷன் என்று நினைப்பது. அண்ணாச்சிக்கு நான் கொடுத்தது மிடசோலம் 1 மில்லிகிராம், அது பதற்றத்தைக் குறைக்கும். ஃபென்டனில் 50 மைக்ரோகிராம், அது வலியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். கத்தி வைக்கிற இடத்தை மரத்துப்போக வைத்தது சர்ஜன் கட்டியைச் சுற்றிப் போட்ட லிக்னோகெயின் ஊசிதான். அந்த முதல் குத்தும் எரிச்சலும் ஒரு நிமிடம் தெரியும். அதற்குப் பிறகு அழுத்துவது, இழுப்பது எல்லாம் தெரியலாம், சுருக்கென்று வலிக்கக்கூடாது. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், தோளை வெடுக்கென்று இழுக்காமல், வாயைத் திறந்து "வலிக்குது" என்று சொன்னால் போதும். அண்ணாச்சி பாதியில் சொன்னார், சர்ஜன் கையை நிறுத்தி இன்னும் கொஞ்சம் லிக்னோகெயின் போட்டார், இரண்டு நிமிடம் பொறுத்துத் தொடர்ந்தார்.

சிலர் இதைக் கேட்டதும் "அப்ப நல்லா ஸ்ட்ராங்காவே குடுத்துருங்க சார்" என்பார்கள். இது ஆபத்தான வேண்டுகோள். அரை மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை, பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே புரோபோஃபால், அதே மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் அரை மயக்கம், கூட்டினால் முழு மயக்கம், ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு அதிகம். ஆழம் கூடும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும், இல்லையென்றால் மூச்சே மெதுவாகிக் குறையும். முழு மயக்கத்தில் இதை எதிர்பார்த்து ஆரம்பத்திலேயே மூச்சை எங்கள் கையில் எடுத்துவிடுகிறோம். எனவே செடேஷன் எப்போதும் பாதுகாப்பு, ஜெனரல் எப்போதும் ஆபத்து என்ற கணக்கு தப்பு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "ஆபரேஷன் முடியும் வரை என் மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே இருப்பது யார்?" கத்தி பிடித்திருப்பவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தால், நான் நோயாளியாக இருந்தால் யோசிப்பேன்.

நாக்கு இப்படிச் சரியும் என்பதால்தான் குறட்டையைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்கிறோம். அண்ணாச்சி "இல்லவே இல்ல சார்" என்றார், பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மா சிரித்துவிட்டார். "நடுவுல மூச்சு நின்னு, திடுக்குன்னு எழுந்திருப்பாங்க டாக்டர்" என்று அவர் சொன்னதை வைத்துத்தான் மருந்தைக் குறைத்தேன், புரோபோஃபாலைத் தொடவே இல்லை. குடிப்பழக்கம், தூக்க மாத்திரை இரண்டும் இதே மாதிரிதான், மருந்து யாருக்கு எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றிவிடும். மனைவி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேசணும் என்று கேளுங்கள், அது தினமும் நடப்பதுதான். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஆகவே மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுவந்து முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, சின்ன ஆபரேஷன்தானே என்று தனியாக பைக்கில் வருவது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் கித்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. மிடசோலத்துக்கு ஒரு குணம் உண்டு, ஆள் தெளிவாகப் பேசுவார், நடந்த பேச்சு மனதில் பதியாது. கட்டு நனையக்கூடாது, காய்ச்சல் வந்தால் போன் பண்ணுங்க என்று எல்லாவற்றையும் அண்ணாச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதையே நான் வீட்டம்மாவிடம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்து மூன்றாவது முறையாகக் கேட்டார், "சார், கட்டிய எடுத்தாச்சா, இனிமேத்தானா?"