வெளிநாட்டுல கையெழுத்து போட்ட பவர் பத்திரம் பெங்களூர் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல செல்லணும்னா

அம்மா பேர்ல இருந்த ஜெயநகர் ஃப்ளாட் அவங்க போனதுக்கு அப்புறம் எனக்கும் தம்பிக்கும் வந்துச்சு. விக்கலாம்னு முடிவு பண்ணோம், ஆனா தம்பி இருக்கறது டல்லாஸ்ல, அவனுக்கு லீவு கிடைக்காது. அதனால அவன் பங்குக்கு நான் கையெழுத்து போட ஒரு ஸ்பெஷல் பவர் பத்திரம் வேணும். இத கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் டெல்லி வெளியுறவு அமைச்சகத்துல அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டுப் பேப்பர் இன்னொரு நாட்டுல செல்லறதுக்கான அரசாங்கச் சான்று, வாங்கணும்னே சொன்னாரு. அது தப்பு, அது இந்தியால இருந்து வெளிய போற பேப்பருக்கு. உள்ள வர்ற பேப்பருக்கு அது எந்த நாட்டுல கையெழுத்தாச்சோ அந்த நாட்டுலயே வேலைய முடிச்சிட்டு வரணும். நான் ரெண்டு தடவ பண்ணேன் (ஏன்னு கீழ சொல்றேன்), அதனால வரிசையா எழுதறேன்.

முதல் ஸ்டெப், டிராஃப்ட்

நெட்ல கிடைக்கற மாதிரிய எடுத்து அப்படியே அனுப்பாதீங்க. வாங்குறவரோட வக்கீலும் அவருக்கு லோன் குடுக்குற பேங்கும் டிராஃப்ட்ட பாத்து சரினு சொன்னதுக்கு அப்புறம்தான் அங்க பிரிண்ட் எடுக்கணும். ஃப்ளாட் நம்பர், நாலு எல்லை, காதான்னு சொல்ற மாநகராட்சி சொத்து வரிப் பதிவோட நம்பர் எல்லாம் பழைய பத்திரத்துல இருக்கற மாதிரியே இருக்கணும், பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி இருக்கணும். "விற்க அதிகாரம்"னு மட்டும் எழுதினா பத்தாது, கிரயப் பத்திரத்துல கையெழுத்து போடவும், அத பதிவுக்கு தாக்கல் பண்ணவும், எழுதிக் குடுத்தத ஒத்துக்கவும், பணம் வாங்கவும்னு தனித்தனியா வரணும்.

ரெண்டாவது, நோட்டரி. இங்கதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க

வீட்டுல உக்காந்து கையெழுத்து போட்டுட்டு நோட்டரிகிட்ட சீல் வாங்கப் போகக்கூடாது, அவர் முன்னாடிதான் போடணும், ஒவ்வொரு பக்கத்துலயும். கூடவே போட்டோ ஒட்டி கட்டைவிரல் ரேகையும் ரெண்டு சாட்சியும் வச்சுக்கிட்டா இங்க பேச்சு குறையும்.

அப்புறம் நோட்டரி எழுதுற வாசகத்த படிச்சுப் பாருங்க. வெறும் சீலும் கையெழுத்தும் போதாது, "இன்னார் என் முன்னாடி வந்தார், இன்ன அடையாள அட்டைய பாத்து இவர்தான்னு உறுதி பண்ணிக்கிட்டேன், என் முன்னாடி கையெழுத்து போட்டார்"ங்கற அர்த்தம் அதுல இருக்கணும். 1970ல சுப்ரீம் கோர்ட்ல ஜுக்ராஜ் சிங் கேஸ்னு ஒண்ணு, கலிபோர்னியா நோட்டரி முன்னாடி போட்ட பவர் பத்திரம். அதுல ரெண்டு விஷயம் தெளிவாச்சு: வெளிநாட்டு நோட்டரியும் நம்ம சட்டத்துக்கு நோட்டரிதான், ஆனா ஆள் யாருன்னு உறுதி பண்ணிக்கிட்டதா பேப்பர்லயே தெரியலன்னா அது சரியான அத்தாட்சி ஆகாது. அந்தக் கேஸ்ல முதல் பத்திரம் இதனாலதான் அடிபட்டுச்சு, பின்னாடி ஒழுங்கா போட்டு அனுப்புன ரெண்டாவது பத்திரம்தான் காப்பாத்துச்சு.

இது ஏன் முக்கியம்னா, 1908 பதிவுச் சட்டத்தோட 33வது பிரிவு வெளிநாட்டுல இருக்கறவர் குடுக்குற பவர்ல நோட்டரியோ, கோர்ட்டோ, இந்திய தூதரக அதிகாரியோ சான்று குடுத்திருக்கணும்னு கேக்குது. கோர்ட்டுக்குப் போனாலும் இதே கதைதான், பழைய சாட்சியச் சட்டத்தோட 85வது பிரிவு, இப்போ 2023 புதுச் சட்டத்துல 84. இப்படி சான்று இருந்தா பத்திரம் ஒழுங்கா எழுதப்பட்டதுதான்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லைனு சொல்றவன்தான் நிரூபிக்கணும்.

மூணாவது, அப்போஸ்டில்

டெக்சாஸ் நோட்டரின்னா ஆஸ்டின்ல இருக்கற டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ்லதான் அப்போஸ்டில், ஒரு பேப்பருக்கு 15 டாலர். நோட்டரி எந்த மாநிலத்துக்காரரோ அந்த மாநிலம்தான், பக்கத்து மாநிலத்துல வாங்க முடியாது. வந்ததும் அதுல பத்து வரிசை எண் இருக்கும், ரெண்டாவது எண்ணுல இருக்கற பேரு உங்க நோட்டரி பேருதானான்னு பாருங்க. தம்பி பேரு அதுல இருக்காது, பயந்துடாதீங்க, ஏன்னா அப்போஸ்டில் சொல்றதே "இந்த நோட்டரியோட கையெழுத்தும் சீலும் நிஜம்"னு மட்டும்தான், உள்ள எழுதியிருக்கறதுக்கு அது பொறுப்பு இல்ல.

அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்த நாடுகளுக்கு நடுவுலதான் இது செல்லும், இந்தியால 2005 ஜூலைல இருந்து. சிங்கப்பூர் 2021லயும் கனடா 2024 ஜனவரிலயும் சேந்துருச்சு. துபாய்ல இருக்கறவங்களுக்கு இந்த வழி கிடையாது, எமிரேட்ஸ் அந்த ஒப்பந்தத்துல இல்ல, அவங்க நேரா இந்திய தூதரகத்துல போய் அதிகாரி முன்னாடி கையெழுத்து போட்டுக்கணும்.

அப்போஸ்டில் பத்திரத்தோட சேத்து பின் அடிச்சு வரும். அந்தப் பின்ன எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீங்க. என் முதல் பத்திரத்த ஜெராக்ஸ் கடைல பையன் நல்லா விழணும்னு பின்ன கழட்டி, காப்பி எடுத்து, திருப்பி அழகா அடிச்சுக் குடுத்தான். ரெண்டு ஓட்டை தெரிஞ்சுது, வாங்குறவரோட வக்கீல் பாத்த உடனே தள்ளி வச்சிட்டாரு, பேப்பர் மாத்தினீங்களா இல்லயான்னு நான் எப்படிங்க நம்புறதுன்னு கேட்டாரு, அவர் கேட்டது நியாயம்தான். தம்பி மறுபடியும் முதல்ல இருந்து.

நாலாவது, ஸ்டாம்ப் டியூட்டி. கவர தூக்கிப் போடாதீங்க

வெளிநாட்டுல எழுதுன பத்திரம் இந்தியாக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள இங்க ஸ்டாம்ப் டியூட்டி கட்டணும். கணக்கு கையெழுத்து தேதில இருந்து இல்ல, இங்க வந்து சேந்த நாள்ல இருந்து. அத எப்படி காட்டுவீங்க? கூரியர் கவர், அதுல இருக்கற தேதி, டெலிவரி ரசீது. நான் கவர அப்படியே பத்திரத்தோட வச்சிருந்தேன், ஆபீஸ்ல முதல்ல கேட்டது அததான். கெடு தாண்டினா அபராதம் டியூட்டிக்கு பத்து மடங்கு வரைக்கும் போகும், கட்டாத பத்திரத்த கோர்ட் சாட்சியமா எடுக்காது.

பெங்களூர்ல பசவனகுடி, ஜெயநகர், காந்திநகர், ராஜாஜிநகர், சிவாஜிநகர்னு அஞ்சு பதிவு மாவட்டம். உங்களுக்கு உரிய மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ஒரு மனு, ஒரிஜினல், ஒரு காப்பி (பின்ன கழட்டாம எடுத்தது!), உங்க அடையாள அட்டை, கவர் குடுத்தா எவ்வளவு கட்டணும்னு சொல்வாங்க, கட்டினதும் பத்திரத்துலயே டியூட்டி கட்டியாச்சுன்னு எழுதி சீல் போட்டுத் தருவாங்க.

அப்பா, அம்மா, கணவன் மனைவி, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்களுக்கு குடுக்குற பவருக்கு கர்நாடகால சின்ன நிலையான தொகைதான். அதே விக்குற பவர நண்பருக்கோ மச்சானுக்கோ குடுத்தா சொத்தோட மார்க்கெட் மதிப்புல கணக்கு போடுவாங்க, லட்சக்கணக்குல வந்து நிக்கும். அதனால யாருக்கு பவர் குடுக்கறதுன்னு டிராஃப்ட் போடும்போதே யோசிச்சிருங்க, எங்க அத்தை பையன் பேருக்கு போடலாம்னு தம்பி முதல்ல சொன்னான், நல்லவேளை கேட்டுக்கல.

பதிவு அன்னிக்கு

கிரயப் பத்திரத்துல "இன்னாருக்காக அவருடைய பவர் ஏஜெண்ட்"னு போட்டு நான் ரெண்டு கையெழுத்து போட்டேன், ஒண்ணு எனக்கு ஒண்ணு தம்பிக்கு. சப் ரிஜிஸ்ட்ரார் ஒரிஜினல வாங்கி நோட்டரி பக்கத்தையும் டியூட்டி சீலையும் பாத்தாரு, அப்புறம் பின்ன விரலால ஒரு தடவ தடவிப் பாத்துட்டு, "உங்க தம்பிகிட்ட காலைல பேசினீங்களா, நல்லா இருக்காரா"ன்னு கேட்டாரு. குசலம் விசாரிக்கறாருன்னு நினைச்சேன், பவர் குடுத்தவர் உயிரோட இல்லன்னா பவர் அன்னியோட முடிஞ்சுது, அதுக்குத்தான் கேட்டிருக்காரு.