பணி நிறைவு விழா ஏற்புரை: பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றதை எழுதுவது எப்படி?

வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகுதான் ஓய்வு பெறும் ஆசிரியை ஏற்புரைக்கு எழுவார். ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டம் காது கொடுக்காது. முப்பது ஆண்டுப் பெயர்களை அடுக்காமல் இரண்டே பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தடுக்கிய பெயரைத் தேர்ந்தெடுங்கள்

அழகான பெயர் வேண்டாம், ஆசிரியை தவறாகச் சொன்ன பெயர் வேண்டும். திருப்பூர்ப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி வேலைக்கு பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். சான்றிதழில் ஏ, என், கே, ஐ, டி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியை "அங்கிட்" என்று கூப்பிடுகிறார். பையன் நிமிரவே இல்லை.

2. தவறின் காரணத்தைச் சொல்லுங்கள்

உரைக்கு உயிர் கொடுப்பது இந்தப் பகுதிதான், அவசரப்பட வேண்டாம். லதா, கீதா என்று எழுதும்போது நாம் 'த'வுக்கு டி-யோடு எச் சேர்க்கிறோம். வடக்கே வெறும் டி-யே 'த' ஆகும். அதனால் அமித் நம் வாயில் அமிட் ஆகிறான், சுனிதா சுனிடா ஆகிறாள்.

அந்தப் பையனின் சரியான பெயர் அங்கித். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் 'ங்'குக்குப் பின் வரும் 'க' தானாகவே மெலிந்துவிடும். 'சங்கு' என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பையன் பெயரிலோ அது 'கல்' என்பதில் வரும் வல்லின 'க'.

3. கற்ற விதத்தைச் செயலாகக் காட்டுங்கள்

"பிறகு கற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் முடித்தால் கேட்பவர் மனதில் எதுவும் பதியாது. இப்படி எழுதலாம்:

"அவன் அம்மாவை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். வருகைப் பதிவேட்டில் பென்சிலால் 'அங்-கித்' என்று நடுவே கோடு போட்டு எழுதினேன். அந்தக் கோட்டில் மூச்சை நிறுத்தினால் 'க' வல்லினமாக வந்தது. மூன்றாம் நாள் 'உள்ளேன் டீச்சர்' என்றான்."

இரண்டாவது பெயர் நம்மூர்ப் பெயராக இருக்கட்டும். யாழினியை யாளினி என்று கூப்பிட்டதை நான்கு வரியில் சொன்னால் போதும். வெளியூர்ப் பெயர் மட்டும் வந்தால் குறை பிள்ளையின் பெயரில் இருப்பதுபோல் ஆகிவிடும். சம்பந்தப்பட்ட மாணவரிடம் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள்.

4. மேடைக்கு முன்

கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். குரல் தழுதழுக்கும்போது முதலில் வழுக்குவது 'ழ'தான். பெயருக்கு முன் ஒரு நொடி நிறுத்தினால் நாக்கு மடங்க நேரம் கிடைக்கும். தவறான உச்சரிப்பை ஒரே முறை, சிரிப்பு மூட்டாமல் சொல்லுங்கள். இழுத்துச் சொன்னால் அது பையனைக் கேலி செய்ததாகிவிடும்.

5. முடிவு

நன்றிகளை உரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் பதிவேடு வாசிப்பதுபோல் இரு பெயர்களையும் கூப்பிட்டுவிட்டு மைக்கை விட்டு விலகாமல் நில்லுங்கள். அரங்கில் இருந்தால் அவர்களே "உள்ளேன் டீச்சர்" என்பார்கள்.