கோட்டு பிளானிலிருந்து அறைக்காட்சி: செய்முறையும் அதன் எல்லைகளும்

வீட்டு பிளானின் கோடுகளைக் கொண்டு, கட்டிலும் அலமாரியும் போட்ட அறையின் படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் மென்பொருளின் வழியாகப் பெறலாம். படம் நம் கோடுகளை விட்டு விலகாமல் இருக்க, 2023-இல் வெளிவந்த கண்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவி உதவுகிறது. இரண்டையும் கணினியில் நிறுவியிருக்கிறீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

பிளானை நேரடியாகக் கண்ட்ரோல்நெட்டில் கொடுக்க வேண்டாம். பிளான் மேலிருந்து பார்த்த தோற்றம். கண்ட்ரோல்நெட்டோ அந்தக் கோடுகளைக் கண்ணெதிரே தெரியும் விளிம்புகளாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் சுவரைக் குறிக்கும் இரட்டைக் கோடு ஜன்னல் சட்டமாகவோ அலமாரித் தட்டாகவோ மாறிவிடலாம். பிளானை முதலில் முப்பரிமாணமாக்குவதே சரியான வழி.

எடுத்துக்காட்டாக, கிழக்கு மேற்காக 12 அடி, வடக்கு தெற்காக 10 அடி உள்ள படுக்கையறையைப் பார்ப்போம். தெற்குச் சுவரின் மேற்கு முனையில் 3 அடிக் கதவு, கிழக்குச் சுவரின் நடுவில் 4 அடி ஜன்னல்.

படி 1. Sweet Home 3D என்ற இலவச மென்பொருளில் பிளானின் படத்தைப் பின்னணியாக ஏற்றுங்கள். அளவு கேட்கும் இடத்தில் 12 அடிச் சுவரின் இரு முனைகளையும் குறித்து, அதன் நீளத்தைக் கொடுங்கள். பிறகு கோடுகளின் மேலேயே சுவர்களை வரைந்து, கதவையும் ஜன்னலையும் பொருத்துங்கள்.

படி 2. பொருட்களை அவற்றின் உண்மையான அளவில் வையுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி, வடக்கு மூலையிலிருந்து 6 அடி நீளமும் 2 அடி ஆழமும் உள்ள அலமாரி. அதன் கதவைத் திறக்க இரண்டரை அடி இடைவெளி. பிறகு வடக்குச் சுவரில் தலைமாடு வைத்த, 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள கட்டில். கட்டிலுக்குக் கிழக்கே இரண்டரை அடி மிஞ்சும். இந்தப் படியைத் தவிர்த்து வெற்று அறையை அனுப்பினால், தரை காலியாக இருக்கிறது என்றே, பொருட்களின் தூரத்தைக் காட்டக் கண்ட்ரோல்நெட் உருவாக்கும் ஆழப்படம் சொல்லும். எவ்வளவு எழுதிக் கேட்டாலும் கட்டில் ஒழுங்காக அமையாது.

படி 3. Virtual visit பார்வைக்கு மாறி, கதவருகே நின்று வடகிழக்கு நோக்கிப் பாருங்கள். பார்வைக் கோணம் 60 பாகை அளவில் இருக்கட்டும். 90-ஐத் தொட்டால் சிறிய அறையும் கூடம் போலத் தெரியும். Create photo மூலம் படத்தைச் சேமியுங்கள்.

படி 4. அந்தப் படத்தைக் கண்ட்ரோல்நெட்டில் இரண்டு முறை கொடுங்கள்: ஒன்றில் depth, மற்றொன்றில் mlsd. முதலாவது பொருட்களின் தூரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் ஜன்னல் சுவரோடு சமதளமாக இருப்பதால் ஆழப்படத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். அதை நேர்கோடுகளைப் பிடிக்கும் mlsd காப்பாற்றுகிறது. கொடுத்த அமைப்பை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் எடையை இரண்டிலும் 1-இல் தொடங்கி, படத்துக்கான விவரிப்பில் பொருட்களையும் நிறத்தையும் மட்டும் எழுதுங்கள்:

```
bedroom interior, teak double bed,
white walls, tiled floor, daylight
```

இதில் அடிக்கணக்கை எழுதுவதால் பயனில்லை. அந்த எண்களை மென்பொருள் அளவாகக் கருதுவதில்லை. அளவு முழுவதும் முந்தைய படிகளிலிருந்துதான் வருகிறது.

இனி, நம்பகத்தன்மை எங்கே குறைகிறது என்று பார்ப்போம். கிடைத்த படத்தின் மேல் Sweet Home 3D படத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். சுவர் மூலைகளும் கட்டிலின் விளிம்புகளும் பொருந்தினால், அமைப்பை நம்பலாம். படம் அழகாக வரவேண்டும் என்று எடையை 0.5 அளவுக்குக் குறைத்தால், முதலில் நகர்வது பெரும்பாலும் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டரை அடிதான். நடைவழி தாராளமாகத் தெரியும். கட்டில் சத்தமில்லாமல் சிறுத்திருக்கும். மேலே வைத்துப் பார்க்காமல் இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிளானில் இல்லாதவை அனைத்தும் ஊகமே. கூரையின் உயரம், ஜன்னலின் அடிமட்ட உயரம், குறுக்கே ஓடும் பீம், சுவிட்ச் போர்டு ஆகியவற்றை நேரில் அளந்து முப்பரிமாண மாதிரியில் நீங்களே சேர்த்தால் ஒழிய, படத்தில் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அறைக்குள் விழும் வெயிலும் அப்படியே; ஜன்னல் கிழக்கில் இருப்பது ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்குத் தெரியாது.

ஒரே அறையை இரண்டு கோணங்களில் கேட்கும்போது இந்த முறை மிகவும் தடுமாறுகிறது. அலமாரியைப் பார்க்க எதிர் மூலையிலிருந்து இன்னொரு படம் எடுத்தால், இடம் மாறாது. ஆனால் இரண்டு படத்திலும் தெரியும் கட்டிலின் வேலைப்பாடு, மரத்தின் நிறம், விரிப்பு எல்லாம் மாறியிருக்கும். ஆகவே நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுக்க இந்தப் படங்களைப் பயன்படுத்துங்கள். தச்சரிடம் அளவு குறித்த பிளானையே கொடுங்கள்.