வயர்லெஸ் சார்ஜிங் அடிக்கடி நிற்கிறதா? போனை வைக்கும் இடத்தை முதலில் பாருங்கள்

வயர்லெஸ் சார்ஜிங் பேட் வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, ஏறுவதும் நிற்பதுமாகவே இருக்கிறது. பேட் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எப்போது நிற்கிறது? சில நொடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தால் போன் சரியான இடத்தில் இல்லை என்பதே முதல் சந்தேகம். கால் மணி நேரம், அரை மணி நேரம் ஒழுங்காக ஏறிவிட்டு நின்றால் சூடு. நிற்காமல் ஆனால் மெதுவாகவே ஓடினால் அடாப்டர். எப்போதும் இப்படியேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் தேட ஆரம்பிக்க இந்த வரிசை நன்றாக உதவும்.

நொடிக்கணக்கில் நிற்பதுதான் அதிகம் பேரை எரிச்சலூட்டுவது, அதனால் அதையே முதலில் பார்ப்போம். பேடுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்த ஒரு தட்டையான சுருள் இருக்கிறது, அதே மாதிரி ஒன்று போனின் பின்பக்கத்துக்குள்ளும் இருக்கிறது. பேடின் சுருளில் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் போனின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இது பலருக்குத் தெரியும். தெரியாத பாதி என்னவென்றால், போனும் சும்மா இருப்பதில்லை, ‘இன்னும் கொஞ்சம் கொடு, போதும், குறை’ என்று அதே சுருள் வழியாகவே பேடுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுருள்கள் விலகியிருந்தால் மின்சாரம் மட்டுமல்ல, இந்தச் செய்தியும் சரியாகப் போய்ச் சேராது. செய்தி வராவிட்டால் போனை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து பேட் நிறுத்திவிடும். அடுத்த நொடி ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று தேடிப் பார்க்கும், போன் பதில் சொல்லும், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும்.

இன்னொரு வழியாகவும் நிற்கும். தான் கொடுத்ததையும் போன் ‘எனக்கு வந்தது’ என்று சொல்வதையும் பேட் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவில் நாணயமோ சாவியோ சிக்கிச் சூடாகிறது என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்புக்காக நிறுத்திவிடும், பல பேடுகளில் அப்போது விளக்கு மினுக்கும். போன் ஓரமாக இருந்தாலும் இழப்பு கூடும் என்பதால், நடுவில் எதுவுமே இல்லாமலேயே இந்தச் சந்தேகம் வந்துவிடலாம்.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. கவரைக் கழற்றுங்கள். கவருக்குள் அட்டை, கார் ஹோல்டருக்காக ஒட்டிய இரும்புத் தகடு, விரலில் மாட்டும் வளையம் எதுவும் இருக்கக் கூடாது. இரும்புத் தகடு மேலே ஒட்டியிருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை.

2. போனின் பின்பக்க நடுப்பகுதி பேடின் நடுவில் வருகிற மாதிரி வையுங்கள். பெரும்பாலான போன்களில் சுருள் அங்கேதான் இருக்கும், ஆனால் சற்று மேலேயோ கீழேயோ இருக்கலாம், அதற்குத்தான் அடுத்த படி.

3. சார்ஜ் ஆரம்பித்ததும் போனை மிக மெதுவாக மேல்நோக்கி நகர்த்துங்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும். நகர்த்தியபின் மூன்று நொடி பொறுங்கள், ஏனென்றால் திரை உடனே மாறாது. எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் அதேபோல் கீழ்நோக்கி வந்து அங்கே எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுதான் உங்களுக்கு வேண்டிய இடம்.

4. இதையே இடம் வலமாகவும் ஒருமுறை செய்யுங்கள்.

மூன்றாவது படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். சார்ஜ் அடையாளம் தெரிந்த உடனே கையை எடுத்துவிடுவார்கள், ஆனால் முதலில் அடையாளம் தெரியும் இடம் எல்லையின் ஓரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துக்காட்டாக, ஸ்கேல் வைத்துப் பார்க்கும்போது போனின் கீழ் விளிம்பு பேடின் ஓரத்தைத் தாண்டி 3 சென்டிமீட்டரில் இருக்கும்போது ஒரு பக்கமும், 5 சென்டிமீட்டரில் இருக்கும்போது மறுபக்கமும் சார்ஜ் நிற்கிறது என்றால் 4-ல் வையுங்கள். 3.2-லும் சார்ஜ் ஆகும்தான், ஆனால் ஒரு மெசேஜ் வந்து போன் அதிர்ந்தால் போதும், வெளியே போய்விடும். இரவில் வைத்துக் காலையில் 40 சதவீதத்தில் நிற்கும் போன்களின் கதை பெரும்பாலும் இதுதான். சரியான இடம் தெரிந்ததும் மேசையில் போனின் கீழ் விளிம்பு வரும் இடத்தில் சின்னதாக ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், பேடையும் நகராமல் ஒட்டி வையுங்கள், இரவில் அதிர்வையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது கவரை மாட்டி மறுபடி பாருங்கள். முன்பு 2 சென்டிமீட்டர் இருந்த எல்லை நன்றாகச் சுருங்கியிருந்தால் கவர் தடிமன். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனாலே நிறையப் பேடுகள் திணறும். கேமரா மேடும் இங்கே ஒரு தொந்தரவு: அது பேடின் மேல் ஏறினால் போன் சாய்ந்து ஒரு முனை தூக்கிக்கொள்ளும், மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி கூடும். மேடு பேடுக்கு வெளியே தொங்கும்படி வையுங்கள். போனிலேயே காந்தம் இருந்தால் (ஐபோன் 12 முதல் வந்த பல மாடல்களும், Qi2 என்ற புது வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் காந்தத்தோடு வரும் போன்களும்) காந்தம் உள்ள பேட் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை, அதுவே இழுத்து நடுவில் உட்கார வைத்துவிடும்.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிற வகைக்கு வருவோம். நின்றதும் போனின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சூடாக இருந்தால் பேட்டரியைக் காப்பாற்ற போனே வேகத்தைக் குறைத்திருக்கும் அல்லது நிறுத்தியிருக்கும், ஆறினால் தானே தொடரும். ஐபோன் சூடானால் 80 சதவீதத்தோடு நிறுத்தி வைப்பதும் உண்டு. கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் ஆகும்போது கேம், வீடியோ கால் வேண்டாம், வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். இடம் விலகியிருந்தாலும் சூடு கூடும் என்பதால் மேலே சொன்ன படிகளை முடித்த பிறகே சூட்டைக் குறை சொல்லுங்கள்.

மெதுவாகவே ஓடுகிறது என்றால் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். `5V 1A` என்று மட்டும் இருந்தால் பெருக்கினால் 5 வாட். வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு என்று வைத்துக்கொண்டால் போனுக்குள் போவது சுமார் 3 வாட். 4000 mAh பேட்டரி கிட்டத்தட்ட 15 வாட்-மணி, ஆக முழுதாக ஏற ஐந்து மணி நேரம், அதுவும் திரையை அணைத்து வைத்தால். அதே பேடில் `9V 2A` அடாப்டரை மாட்டி, போனுக்குள் 10 வாட் போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் போன் வயர்லெஸ்ஸில் 5 வாட் மட்டுமே வாங்கும் என்றால் எந்த அடாப்டரும் அதை மாற்றாது. கணினியின் யூஎஸ்பி துளையில் பேடைச் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாவது கேபிள் சார்ஜிங்கிலும் இருப்பதுதான், கோளாறு இல்லை.

கவர் இல்லை, நடுவில்தான் இருக்கிறது, அடாப்டரும் நல்லது, இருந்தும் நொடிக்கு நொடி நிற்கிறதா? பேடுக்குப் போகும் கேபிளை மாற்றிப் பாருங்கள், நீளமான மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் சரிந்து பேட் அடிக்கடி அணைந்து எழும். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு ஒரு போனை அதே பேடில், அதற்கான நடு இடத்தைக் கண்டுபிடித்து வைத்துப் பாருங்கள். அது ஒழுங்காக ஏறினால் கோளாறு உங்கள் போனில், அதுவும் நின்று நின்று வந்தால் பேடை மாற்றலாம்.