கூம்ப்ஸ் சோதனையில் ‘நெகட்டிவ்’ என்று எழுதும் முன்

கூம்ப்ஸ் சோதனையில் நான் அதிகம் பயப்படுவது பொய் நெகட்டிவுக்குத்தான். பாசிட்டிவ் வந்தால் யாராவது மறுபடி செய்து பார்ப்பார்கள். நெகட்டிவ் வந்தால் ட்யூப் குப்பைக்குப் போய்விடும்.

ஐஜிஜி ஆன்டிபாடி சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டாலும், பக்கத்து அணுவை எட்டிப் பிடிக்க அதற்கு நீளம் போதாது. அதனால் அணுக்கள் திரளாது, கண்ணுக்கும் எதுவும் தெரியாது. 1945-இல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் வெளியிட்ட முறை இந்த இடைவெளியைப் பாலம்போட்டு அடைத்தது. மனித ஐஜிஜிக்கு எதிரான கூம்ப்ஸ் சீரம், இரண்டு அணுக்களின் மேலிருக்கும் ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, அணுக்கள் திரள்கின்றன.

டி.சி.டி. என்னும் நேரடி கூம்ப்ஸ் சோதனை, உடம்புக்குள்ளேயே ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் தேடுகிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்துக்கு அதுதான். ஐ.சி.டி. என்னும் மறைமுகச் சோதனை, தாயின் சீரத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்கு டி.சி.டி. கேட்டு வரும் சீட்டுகளை இன்னும் பார்க்கிறேன்.

பெரிய தவறு நடப்பது, கூம்ப்ஸ் சீரம் விடும் முன் அணுக்களைச் சலைனால் கழுவும்போதுதான். கூம்ப்ஸ் சீரத்துக்கு அணுவில் ஒட்டிய ஐஜிஜியும் சீரத்தில் மிதக்கும் ஐஜிஜியும் ஒன்றுதான். கழுவிய பிறகும் மிச்சமிருக்கும் தாயின் சீரம், கூம்ப்ஸ் சீரத்தை முன்னாலேயே தீர்த்துவிடும்.

இரண்டாவது கர்ப்பத்தில் வந்த ஒரு ஓ நெகட்டிவ் தாயை எடுத்துக்கொள்வோம். அவர் சீரத்தையும் ஓ பாசிட்டிவ் அணுக்களையும் கலந்து 37 டிகிரியில் வைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ட்யூபில் 3 மில்லி வரை சலைன் நிரப்பி, கொட்டிய பிறகு 0.1 மில்லி மட்டும் மிஞ்சினால், ஒரு கழுவலில் சீரம் 30 மடங்கு நீர்த்துப்போகும். மூன்றில் 27,000 மடங்கு. அவசரத்தில் 1 மில்லி வரைதான் நிரப்பி, 0.2 மில்லியை ட்யூபிலேயே விட்டால்? மூன்று கழுவலுக்கும் சேர்த்து வெறும் 125 மடங்கு. தாயிடம் ஆர்ஹெச் பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிரான ஆன்டி-டி ஆன்டிபாடி இருந்தும் ட்யூபில் திரளே தெரியாமல் போகலாம்.

இதைக் காட்டிக்கொடுப்பது செக் செல். ஐஜிஜி ஏற்கெனவே பூசிய ஓ அணுக்கள் அவை. நெகட்டிவான ட்யூபில் ஒரு சொட்டு விட்டு மறுபடி சுழற்றினால், கூம்ப்ஸ் சீரம் உயிரோடு இருந்தால் திரளும். திரளவில்லையா, அந்த நெகட்டிவ் செல்லாது. கழுவலை மட்டும் திருப்பிச் செய்தால் போதாது, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். மங்கலாகத் திரண்டாலும் நான் மறுபடி செய்வேன், கூம்ப்ஸ் சீரம் பாதி தீர்ந்திருக்கலாம்.

ஆனால் செக் செல்லுக்கு ஒரு குருட்டு இடம் உண்டு. தாயின் சீரத்தையே ஊற்ற மறந்திருந்தாலும் அது ஜோராகத் திரளும். அதனால்தான் எங்கள் பெஞ்சில் சீரத்தை முதலில் விட்டு, எல்லா ட்யூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே அணுக்களை விடுகிறோம்.