பாமினிக் கோப்பை யுடிஎப்-8 ஆக்கினால் மட்டும் தமிழ் வராது

மட்டக்களப்பில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஒருவரின் பாட்டுகளை அவருடைய மகன் 2003இல் நோட்பேடில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அண்மையில் அந்தக் கோப்பைக் கைபேசியில் திறந்தபோது முதல் வரியிலேயே இப்படி இருந்தது:

```
kl;lf;fsg;G
```

பாமினி எழுத்துருவில் பார்த்தால் இது ‘மட்டக்களப்பு’. k என்ற ஆங்கில எழுத்துக்கு ‘ம’ வடிவத்தையும், அரைப்புள்ளிக்கு மெய்யின் புள்ளியையும் வரைந்து காட்டுகிறது அந்த எழுத்துரு. கோப்புக்குள் இருப்பவை வெறும் ஆங்கில எழுத்துகள்தான். சாதாரண உரைக்கோப்பு எழுத்துருவின் பெயரையும் சுமந்து செல்வதில்லை.

மகன் செய்த முதல் தவறு, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎப்-8 குறியாக்கத்தில் கோப்பைச் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தது. ஆங்கில எழுத்துகளுக்குப் பழைய குறியாக்கத்திலும் யுடிஎப்-8இலும் ஒரே எண்கள்தான், ஆகவே எதுவும் மாறவில்லை. முதலில், பாமினியிலிருந்து தமிழ் எழுத்துகளுக்கே தனி எண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் உரையை இட வேண்டும். யுடிஎப்-8 ஆகச் சேமிப்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது தவறு, முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றியது. கடைசியில் உடுப்புச் செலவுக் கணக்கை எழுத்துருவை மாற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. அதனால் `Rs. 1,500` என்பது ‘சுள. 1இ500’ ஆகிவிட்டது. இதே பிழையை அச்சான அழைப்பிதழ்களிலும் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். ஆங்கில வரிகளை முன்கூட்டியே வெட்டி வேறாக வைத்துவிட்டு, மாற்றம் முடிந்த பின் அவற்றை உரிய இடத்தில் ஒட்டுங்கள்.

`à®®à®Ÿ` போலத் தெரிந்தால் கதை வேறு. அது நல்ல யுடிஎப்-8 தமிழ், ஆனால் தவறான குறியாக்கத்தில் வாசிக்கப்படுகிறது. அப்படியே சேமித்துவிடாதீர்கள். நோட்பேட்++ என்ற வேறு மென்பொருளில் Encoding பட்டியலின் மேற்பகுதியில் உள்ள UTF-8 ஐத் தெரிவு செய்தால் எழுத்துகள் திரும்பி வரும். கீழே உள்ள Convert to UTF-8 ஐ அழுத்தினால் அந்தக் குழம்பிய எழுத்துகளே கோப்பில் பதிந்துவிடும். யூனிகோடு தமிழை, தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய ANSI குறியாக்கத்தில் சேமித்து `????` ஆகியிருந்தாலோ, அந்தப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது. ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

எஞ்சியது வரி முடிவு. மாற்றிய பாட்டுகளை விண்டோஸ் 7 கணினியில் திறந்தபோது தருப் பாட்டுகளெல்லாம் ஒரே நீள வரியாக ஓடின. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத CR, LF என்ற இரண்டு குறிகளும் இருந்தால்தான் 2018க்கு முந்திய நோட்பேடு வரியைப் பிரிக்கும், LF மட்டும் உள்ள வரி முடிவை அது அறியாது. அவர் வரிவரியாக என்டர் தட்டத் தொடங்கியிருந்தார், நான் நிறுத்தினேன். அப்படித் தட்டினால் கைபேசியில் ஒவ்வோர் அடிக்கும் இடையே வெற்று வரி விழும். நோட்பேட்++ இல் Edit, EOL Conversion, Windows (CR LF) என்று மாற்றிச் சேமித்தோம். கைபேசிகளும் அதைச் சரியாகவே காட்டுகின்றன. இப்போது அவருடைய பழைய கணினியிலும் மகளின் கைபேசியிலும் அடிகள் பிரிந்தபடியே திறக்கின்றன.